பாயிண்டர் வீட்டுக் கதவு எண் என்ன?



சி லேப் வைவாவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "scanf-ல் & போடுகிறாய், printf-ல் போடவில்லை, ஏன்?" பதில் பெரும்பாலும் "சிண்டாக்ஸ் சார்" என்பதுதான். அதற்கு மேல் கேட்டால் மௌன விரதம்! இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால் பாயிண்டர் பாடம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். எனவே அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்த் தெரு மாதிரி 12ஏ, 12பி, பழைய எண் 4, புதிய எண் 9 என்கிற குழப்பமெல்லாம் இதில் கிடையாது. ஒரே வரிசை, எல்லா வீடும் ஒரே அளவு, கதவு எண் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். இதுதான் மெமரி. ஒரு வீடு என்பது ஒரு பைட். கதவு எண்தான் அட்ரஸ்.

இப்போது int a = 45; என்று எழுதுகிறோம். 45 என்ற எண் இந்தத் தெருவுக்குக் குடி வருகிறது. int என்பது ஒரு வீட்டில் அடங்குகிற குடும்பம் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் அதற்கு நான்கு வீடு வேண்டும். (பழைய டர்போ சி-யில் இரண்டே வீடுதான்.) 1000, 1001, 1002, 1003 ஆகிய நான்கு வீடுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். விலாசம் கேட்டால் முதல் கதவு எண்ணை மட்டும் சொன்னால் போதும்: 1000. அடுத்து int b = 72; என்றால் அது 1004-லிருந்து குடியேறட்டும். இந்த எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. உண்மையான எண்ணைப் பார்க்க ஆசையிருந்தால் printf-ல் %p போட்டு, (void *)&a என்று கொடுத்துப் பாருங்கள். 0x என்று தொடங்கும் நீளமான ஒரு எண் வரும். லினக்ஸில் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது பொதுவாக மாறிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி மாற்றி வைக்கிறார்கள்.

ஆக, a என்றால் வீட்டுக்குள் இருக்கும் ஆள், 45. &a என்றால் கதவு எண், 1000.

அந்தக் கதவு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அதுதான் பாயிண்டர். int *p = &a; என்றால் p என்ற சீட்டில் 1000 என்று எழுதியிருக்கிறது. *p என்றால், "சீட்டில் உள்ள எண்ணுக்குப் போய்க் கதவைத் திற" என்று அர்த்தம். அங்கே 45 இருக்கும். *p = 50; என்றால் அந்த வீட்டில் இருந்த 45-ஐ அனுப்பிவிட்டு 50-ஐக் குடி வைத்தாயிற்று. a-வைத் தொடாமலே a மாறிவிட்டது!

டிக்ளரேஷனில் வரும் *-க்கு மட்டும் வேறு வேலை. அங்கே அது கதவைத் திறக்கச் சொல்லவில்லை, "இது சீட்டு" என்று அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்ததுதான் நம்மை இத்தனை குழப்புகிறது என்பது என் அபிப்பிராயம்.

"எல்லாமே கதவு எண்தானே, பிறகு எதற்கு int *, char * என்று தனித்தனியாக?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சீட்டில் 1000 என்று மட்டும் இருந்தால், போகிற ஆள் எத்தனை வீட்டைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. char * என்றால் ஒரு வீடு. int * என்றால் நான்கு வீட்டையும் திறந்து சேர்த்துப் படிக்க வேண்டும். p + 1 என்றால் 1001 வராமல் 1004 வருவதும் இதனால்தான். அடுத்த வீட்டுக்கு இல்லை, அடுத்த குடும்பத்துக்குப் போகிறோம். சி-க்கு முன்னால் கென் தாம்ப்சன் உருவாக்கிய பி மொழியில் இப்படி டைப் பிரிவே கிடையாது. எல்லாம் ஒரே அளவு. பைட் பைட்டாகக் கதவு எண் போட்ட பிடிபி-11 இயந்திரம் வந்தபோது அது சரிப்படவில்லை. டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் டைப்புகளைச் சேர்த்து அதை சி ஆக்கினார்.

சரி, இந்தச் சீட்டு எதற்கு? இரண்டு மதிப்புகளை இடம் மாற்றும் ப்ரோக்ராமை எடுத்துக்கொள்வோம். ரெகார்டு நோட்டில் எல்லோரும் எழுதுவதுதான்.

```c
void maatru(int x, int y)
{
    int t = x;
    x = y;
    y = t;
}
```

main-ல் maatru(a, b); என்று கூப்பிட்டுவிட்டு a, b-யை அச்சடித்தால் 45 72 என்றே வரும். ஒன்றும் மாறாது. காரணம், சி மொழி ஃபங்ஷனுக்கு எதைக் கொடுத்தாலும் ஜெராக்ஸ்தான் கொடுக்கும். x, y இரண்டும் தெருவின் வேறொரு பகுதியில், 600-லும் 604-லும் புதிதாகக் குடி வந்தவை. அங்கே 45-ம் 72-ம் இடம் மாறியது உண்மைதான். ஆனால் ரேஷன் கார்டு ஜெராக்ஸில் பேனாவால் திருத்தினால் அசல் கார்டு மாறுமா? ஃபங்ஷன் முடிந்ததும் 600-ம் 604-ம் காலி செய்யப்படும். 1000-லும் 1004-லும் இருப்பவர்களுக்கு இந்த விஷயமே தெரியாது.

அசலை மாற்ற வேண்டுமென்றால் ஆளை அனுப்பாதீர்கள், விலாசத்தை அனுப்புங்கள்.

```c
void maatru(int *p, int *q)
{
    int t = *p;
    *p = *q;
    *q = t;
}
```

கூப்பிடுவது maatru(&a, &b); என்று. இப்போதும் போவது ஜெராக்ஸ்தான். ஆனால் விலாசச் சீட்டின் ஜெராக்ஸ்! விலாசத்தை எத்தனை பிரதி எடுத்தாலும் அது காட்டும் வீடு ஒன்றுதானே. முதல் வரியில் 1000-க்குப் போய் 45-ஐப் பார்த்து t-யில் குறித்துக்கொள்கிறோம். இரண்டாவது வரியில் 1004-ல் இருக்கும் 72-ஐ 1000-ல் எழுதுகிறோம். அங்கிருந்த 45 போய்விட்டது, ஆனால் t-யில் பத்திரமாக இருக்கிறது. மூன்றாவது வரியில் அந்த 45-ஐ 1004-ல் எழுதுகிறோம். முடிந்தது, 72 45.

இதே ஃபங்ஷனை நம் லேபில் இரண்டு விதமாகத் தப்பாக எழுதி நான் பார்த்திருக்கிறேன். இரண்டுமே யோசிக்க வேண்டியவை.

முதலாவது, * எல்லாவற்றையும் விட்டுவிட்டு int *t = p; p = q; q = t; என்று எழுதுவது. கம்பைலர் வாயே திறக்காது. ஆனால் விடை 45 72. என்ன நடந்தது? கையிலிருந்த இரண்டு சீட்டுகளை மட்டும் இடம் மாற்றிக்கொண்டோம். எந்த வீட்டுக் கதவையும் தட்டவே இல்லை. சீட்டும் ஜெராக்ஸ் என்பதால், வெளியே யாருக்கும் அது தெரியப் போவதுமில்லை.

இரண்டாவது இதைவிட ஆபத்து.

```c
    int *t;
    *t = *p;
    *p = *q;
    *q = *t;
```

t என்று ஒரு சீட்டு வாங்கினோம், அதில் எதுவும் எழுதவில்லை. வெற்றுச் சீட்டு என்று நினைப்பீர்கள், இல்லை! சீட்டும் தெருவில் ஓரிடத்தில்தானே இருக்க வேண்டும்? இன்றைய 64 பிட் கம்ப்யூட்டரில் அதற்கு எட்டு வீடு. அந்த எட்டு வீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன குப்பை எதுவோ அதுதான் இப்போது t-யில் உள்ள "கதவு எண்". *t = *p என்றால் அந்தக் குப்பை எண்ணைத் தேடிப் போய் 45-ஐ எழுதுகிறோம்.

அது நமக்கு அனுமதி இல்லாத பகுதியாக இருந்தால் Segmentation fault என்று வந்து நின்றுவிடும். இது அதிர்ஷ்டம். அது நம் ப்ரோக்ராமின் வேறொரு வேரியபிள் குடியிருக்கும் வீடாக இருந்தால், அந்த ஆள் சத்தமில்லாமல் வெளியேற்றப்படுவார்; இருபது வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் விடை தப்பாக வரும். இன்னொன்றும் நடக்கலாம்: தற்செயலாக யாரும் பயன்படுத்தாத வீடாக அமைந்து, 72 45 என்று சரியான விடையே வந்துவிடலாம்! மூன்றிலும் மோசமானது இதுதான். "அண்ணே, அவுட்புட் கரெக்டா வருது, அப்புறம் என்ன தப்பு?" என்று ஒரு ஜூனியர் தம்பி என்னிடம் வாதாடினான். நாலு வரி கூடுதலாகச் சேர்த்தாலோ வேறு மிஷினில் ஓட்டினாலோ அந்தக் குப்பை எண் மாறிவிடும். பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு எந்த மிஷின் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதைக் கண்டுபிடிக்க gcc -Wall swap.c என்று கம்பைல் செய்யுங்கள். அந்த -Wall இல்லாவிட்டால் எச்சரிக்கை வராமலே போகலாம். போட்டால் t என்ற பெயரோடு uninitialized என்ற வார்த்தை திரையில் வரும். வார்னிங்தானே, எர்ரர் இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். சீட்டில் எழுத இப்போதைக்கு விலாசம் இல்லையென்றால் int *t = NULL; என்று போடும் பழக்கம் நல்லது. "யார் வீடும் இல்லை" என்று சீட்டில் தெளிவாக எழுதியாயிற்று. மறந்துபோய் *t என்று கதவைத் தட்டினால், நம் லேப் மிஷின்களில் பெரும்பாலும் அந்த இடத்திலேயே ப்ரோக்ராம் நின்றுவிடும், ஊர் சுற்றாது.

இப்போது வைவா கேள்விக்கு வருவோம். printf("%d", a) என்னும்போது printf-க்கு 45 என்ற மதிப்பு தெரிந்தால் போதும், படித்து அச்சடித்துவிடும். ஜெராக்ஸே தாராளம். scanf அப்படியல்ல. கீபோர்டில் நாம் அடிக்கும் எண்ணை a-யின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டிய ஆள் அது. குடி வைக்கப் போகிறவருக்கு விலாசம் வேண்டாமா? அதனால்தான் &a. அது விட்டுப்போய் scanf("%d", a) என்று எழுதினால், a-வில் இருக்கும் 45-ஐயே கதவு எண் என்று நம்பி 45-ஆம் எண் வீட்டைத் தேடிப் போகும். அவ்வளவு தாழ்ந்த எண்ணெல்லாம் நமக்குத் திறக்காத பகுதி, அநேகமாக Segmentation fault-தான்.

எக்ஸாமினர் அத்தோடு விடமாட்டார். "அப்படின்னா char name[20]; என்று போட்டு scanf("%19s", name) எழுதும்போது & எங்கே போச்சு?" என்று அடுத்த கேள்வி போடுவார். scanf-க்கு அங்கேயும் விலாசம்தான் போகிறது. அர்ரேயின் பெயரை இப்படிக் கொடுத்தால் சி அதை முதல் வீட்டின் கதவு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். விலாசம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது & கேட்பானேன்? அந்த 19 என்பது, இருபது வீட்டில் கடைசி வீட்டை '\0' என்ற முடிவுக் குறிக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மட்டும் எழுத்துக்களைக் குடி வைக்கச் சொல்வது. வெறும் %s என்று விட்டால் நீளமான பெயர் ஒன்று இருபதையும் தாண்டி, பக்கத்துக் குடும்பத்தின் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும்.