பணம் வந்துச்சா, போச்சா, நடுவுல நிக்குதா?

நேரடி விற்பனையில் இறங்கிய உழவர் குழுக்கள் பலவும் இன்று யுபிஐ, கார்டு மூலம் பணம் வாங்குகின்றன. கியூஆர் அட்டையை ஒட்டுவது அரைமணி நேர வேலை. பணம் பாதி வழியில் நின்றால் என்ன செய்வது என்பதில்தான் பாடமே இருக்கிறது. இந்த இதழில் அதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. பணம் வந்துவிட்டது என்று நமக்கு யார் சொல்ல வேண்டும்? வாங்குபவரின் போனில் பச்சை டிக் வரலாம், அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பலாம், நம் போனுக்கு எஸ்எம்எஸ் வரலாம். இந்த மூன்றையும் போலியாகச் செய்ய முடியும். நல்ல மனுஷர் அனுப்பினாலும், அவர் பக்கம் கழிந்தது நம் பக்கம் வந்து சேராமல் இருக்கலாம். நம் வங்கிக் கணக்கின் பட்டியலோ, வணிகக் கணக்கின் செயலியோ காட்டுவதுதான் சாட்சி. அதைத் திறந்து பார்க்காமல் மூட்டையைக் கட்டாதீங்க.

யுபிஐயில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. வாங்குபவரின் செயலியில் யுடிஆர் என்றோ, யுபிஐ பரிவர்த்தனை எண் என்றோ அது இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் அந்த எண்ணைக் கேளுங்க. அதே எண்ணும் அதே தொகையும் நம் பட்டியலில் இருந்தால் வந்துவிட்டது. இல்லையென்றால் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஆர்டர் எண். ஒரே காலையில் நாலு பேர் 520 ரூபாய் அனுப்பினால் எது யாருடையது என்று தேடியே பொழுது போய்விடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண் கொடுத்து, தொகையும் அந்த எண்ணும் உள்ளடங்கிய கியூஆரை அனுப்பினால் இந்தத் தலைவலி இல்லை. கியூஆருக்குள் இருப்பது இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kuzhu@bank&pn=Uzhavar%20Kuzhu&am=1040.00&cu=INR&tr=ORD118&tn=ORD118
```

`pa` நம் யுபிஐ முகவரி, `am` தொகை, `tr` ஆர்டர் எண், `tn` குறிப்பு. குழுவின் பெயரில் வணிகக் கணக்காக இருப்பது நல்லது. பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கினால் வீட்டுச் செலவும் விற்பனையும் கலந்துபோகும். திருப்பித் தரும் வசதியும் வணிகக் கணக்கில்தான் ஒழுங்காக இருக்கும்.

இப்போது ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு அம்மா, 5 கிலோ மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெயும் கேட்கிறார். ஆர்டர் எண் 118, தொகை 1,040 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்புகிறார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, செயலியில் ‘பெண்டிங்’ என்று நிற்கிறது. நம் பட்டியலில் ஒன்றும் இல்லை. கையிருப்பிலோ அந்த அரிசி கடைசி 5 கிலோ.

என்ன நடந்திருக்கும்? யுபிஐயில் அவர் வங்கி பணத்தைக் கழிக்கும், நம் வங்கி வரவு வைக்கும், நடுவில் என்பிசிஐ அமைப்பு சேதியைக் கடத்தும். ஏதாவது ஒரு இடத்தில் பதில் தாமதமானால் ‘ஆச்சு’ என்றும் சொல்ல முடியாது, ‘ஆகலை’ என்றும் சொல்ல முடியாது. அதுதான் பெண்டிங். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

அந்த அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டியது இது: “அம்மா, மறுபடி அனுப்பாதீங்க. அந்த 12 நம்பரை மட்டும் அனுப்புங்க. அரிசியை உங்க பேர்ல எடுத்து வச்சிருக்கோம்.” நோட்டில் 118க்கு எதிரே ‘காத்திருப்பு’ என்று எழுதி, அரிசியை ஒதுக்கி வையுங்க. வேறு ஆளுக்கு விற்கவும் வேண்டாம், பார்சல் போடவும் வேண்டாம்.

எத்தனை நாள் காத்திருப்பது? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்தது. ஆளுக்கு ஆள் அனுப்பும் யுபிஐயில், கழிந்த பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். இணையத்தில் கார்டு மூலம் செலுத்தியதற்கும் அதே 5 நாள்தான். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வாடிக்கையாளருக்கு உண்டு. நடைமுறையில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே தெளிந்துவிடும். கெடு முடிந்தும் திரும்பவில்லை என்றால், தன் செயலியிலோ வங்கியிலோ புகார் பதியச் சொல்லுங்க. பணம் கழிந்தது அவர் கணக்கில் என்பதால் புகாரை அவர்தான் தொடங்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மா பொறுக்காமல் ஆறேகாலுக்கு இன்னொரு முறை அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது உடனே வந்துவிட்டது. பார்சலைக் கட்டிவிடலாம். ஞாயிறு காலை முதலாவதும் வந்து சேர்கிறது. இப்போது 118க்கு இரண்டு வரவு. ஒன்றைத் திருப்ப வேண்டும். எப்படித் திருப்புவது என்பதில் கவனம் வேணும்.

அந்த வரவைத் தொட்டு, வணிகச் செயலியில் உள்ள ‘ரீஃபண்ட்’ வழியாகவே திருப்புங்க. அப்போது பணம் வந்த கணக்குக்கே போகும், அந்த வரவோடு கணக்கும் முடியும். ‘இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க’ என்று யார் கேட்டாலும் செய்யாதீங்க. கேட்பவர் அனுப்பியவர்தானா என்று தெரியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் தொகை நமக்கு வந்து சேரும் முன்பே, பாவம் என்று நாம் கையிலிருந்து 1,040 ரூபாய் அனுப்பிவிட்டால், வங்கியும் தானாகத் திருப்பும். நாம் வாங்காத பணத்தைக் கொடுத்ததாக ஆகும். நம் பட்டியலில் வராத பணத்தை நாம் திருப்பக் கூடாது.

கார்டில் ஒரு படி கூடுதல். முதலில் கார்டு வங்கி தொகையைப் பிடித்து வைக்கும், பிறகு நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ரேசர்பே போன்ற கட்டண வாயில்களில் முதல் நிலை `authorized`, இரண்டாவது `captured`. முதல் நிலையிலேயே விட்டுவிட்டால் பணம் நமக்கு வராது, சில நாளில் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். அமைப்பில் தானாக எடுக்கும்படி வைத்துவிடுங்க. `captured` பார்த்த பிறகே பார்சல். கார்டுக்குக் கட்டணமும் உண்டு; பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அரிசி விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்க.

குழுவுக்கு இணையதளம் செய்து தரும் தம்பியிடம் ஒன்று கேளுங்க: “பணம் வந்ததுன்னு சைட்டுக்கு யாரு சொல்றா?” ‘நன்றி பக்கம் திறந்தால் வந்ததாக அர்த்தம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீங்க. பணம் கட்டியதும் போன் சிக்னல் போனால் அந்தப் பக்கமே திறக்காது. பணம் கட்டாதவரும் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தட்டித் திறந்துவிடலாம். கட்டண வாயில் நம் தளத்துக்கு நேரடியாக அனுப்பும் ‘வெப்ஹுக்’ சேதிதான் நம்பத்தக்கது. அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆர்டர் எண்ணும் தொகையும் பொருந்த வேண்டும். ரேசர்பேயில் தொகை பைசாவில் வரும், 1,040 ரூபாய் என்றால் `104000`. ஒரே சேதி இரண்டு முறையும் வரும். அதனால் ஏற்கெனவே பதிந்த பண எண் என்றால் மறுபடி பார்சல் போடாமல் இருக்கத் தளத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேதியே வராமல் போகும் நாளும் உண்டு. அதனால் தினமும் இரவு நோட்டையும் வங்கிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. ‘காத்திருப்பு’ என்று எழுதிய வரிகளை மட்டும் பார்த்தால் போதும், பத்து நிமிஷ வேலை. வந்தது என்றால் பார்சல். அவருக்கே திரும்பிவிட்டது என்றால் ‘தோல்வி’ என்று எழுதி, மறுபடி கட்டுகிறாரா என்று கேளுங்க. கட்டினால் அதே 118க்குக் கீழேயே எழுதுங்க, புது எண் போட வேண்டாம். வேண்டாம் என்றால் ஒதுக்கிய 5 கிலோவை மறுபடி விற்பனைக்கு எடுத்துவிடலாம்.