பின்பக்கத்தைப் பார்க்காததற்கு 3,600 யூரோ

2023 ஆகஸ்டில் செமஸ்டர் விடுமுறைக்குத் திருநெல்வேலி வந்திருந்தேன். ஜெர்மனியில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஊரில், அஞ்சல் பெட்டியின் சாவி என் அறைத்தோழியிடம் இருந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி இரவு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் வந்தன. "டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம் கிடைச்சிருக்கு, வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 24. ஏறக்குறைய பன்னிரண்டு நாள் அது பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. அவள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் பணம் போனது அந்தப் பன்னிரண்டு நாளால் அல்ல.

இந்த உதவித்தொகை மாதம் 300 யூரோ. பாதியை மத்திய அரசு தருகிறது, மறுபாதியை ஒரு தனியார் கொடையாளர் தருகிறார். பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம்தான், கடிதமும் அங்கிருந்தே வரும். எனக்கு இரண்டு செமஸ்டருக்கு ஒதுக்கியிருந்தார்கள். 12 மாதம், 3,600 யூரோ, நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல்.

நான் படித்தது ஆங்கில வழி. என் ஜெர்மன் அப்போது காய்கறிக் கடையில் பேசும் அளவுதான். அதனால் படங்களைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பல வருஷம் ஜெர்மன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். பத்தே நிமிடத்தில் போன் செய்தார். "ஒண்ணுமில்லம்மா. ஒனக்குப் பணம் குடுக்காங்க. அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு பதினஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பிரு, போதும்." அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். தனியார் கூரியரில் அனுப்பலாம் என்றேன். "அதான் பத்து நாள் இருக்கே, எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அனுப்பிய ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

18ஆம் தேதி பதில் வந்தது. கையெழுத்திட்ட அசல் ஏற்புப் படிவம் குறித்த நாளுக்குள் வந்து சேராததால், என் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது. என் உறை போய்ச் சேர்ந்தது 21ஆம் தேதி.

ஜெர்மனி திரும்பி அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பக்கத்தில், "ஏற்புப் படிவத்தை 15.09.2023க்குள் திருப்பி அனுப்பவும்" என்று இருந்தது. சித்தப்பா படித்தது அதைத்தான். பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் நாளே கணக்கு, அஞ்சல் முத்திரையின் நாள் அல்ல. படிவம் அசலாக வர வேண்டும், மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. அந்தப் பின்பக்கத்தை என் தோழி படம் எடுக்கவே இல்லை. ஐந்து படங்களும் ஐந்து தாள்களின் முன்பக்கங்கள்.

இதில் என் தவறும் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் படத்தின் கீழ்மூலையில் பி, டபிள்யூ என்று இரண்டு எழுத்துகள், பக்கத்தில் புள்ளியோடு சின்னதாக இருந்தன. யாரோ ஒரு அலுவலரின் பெயர் எழுத்துகள் என்று நினைத்துக் கடந்து போனேன். அது "பிட்டே வெண்டன்" என்பதன் சுருக்கம். தயவுசெய்து திருப்பிப் பார்க்கவும் என்று பொருள். காகிதமே என்னிடம் சொல்லியிருக்கிறது, நான் கேட்கவில்லை.

இதே தவறு உங்களுக்கும் நேராமலிருக்க என்ன செய்யலாம் என்பதை, படத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறேன். உங்கள் தோழியிடம் "லெட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: உறையின் முன்பக்கம், பிறகு ஒவ்வொரு தாளின் இரண்டு பக்கமும், வெற்றுப் பக்கமாக இருந்தாலும் சரி. நான்கு மூலைகளும் படத்துக்குள் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வலது ஓரம் வெட்டுப்படவே கூடாது. ஜெர்மன் வாக்கியத்தில் "நிஷ்ட்", அதாவது "இல்லை" என்ற சொல், பல சமயம் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். ஓரம் போனால் "செல்லாது" என்பது "செல்லும்" ஆகிவிடும். கடைசியாக, கடிதத்தின் முடிவில் இணைப்புகளின் பட்டியல் இருக்கும், "ஆன்லாகன்" என்று தலைப்பு. அதில் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் உங்கள் படங்களில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது வாசிப்பு. யாரிடமும் "இதில் என்ன சொல்லியிருக்கிறது" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சாரம்தான் கிடைக்கும், சித்தப்பா எனக்குச் சொன்னதும் சாரம்தான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் அது போதவில்லை. நான் இப்போது ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதாவது ஒன்றில் எழுதுவேன்: நிபந்தனை, தேதி, கையெழுத்து. எதிலும் சேராத வாக்கியம் வாழ்த்து. அதை விட்டுவிடலாம்.

என் கடிதத்தையே அப்படிப் பிரித்துக் காட்டுகிறேன். நிபந்தனைகள் மூன்று. குளிர்கால செமஸ்டருக்கு நான் பதிவு செய்திருக்க வேண்டும், அது அக்டோபர் 1இல் தொடங்குகிறது. திறமைக்காகத் தரப்படும் வேறு உதவித்தொகை எதுவும் மாதச் சராசரி 30 யூரோவோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. நிலைமையில் மாற்றம் வந்தால், உதாரணமாகப் படிப்பை மாற்றினால், "உன்ஃபெர்ட்சூக்லிஷ்" தெரிவிக்க வேண்டும். இந்தச் சொல்லைச் சித்தப்பா "உடனே" என்று சொல்லியிருப்பார். ஜெர்மன் சட்டத்தில் அதன் பொருள், நம் தவறால் வரும் தாமதம் இல்லாமல் என்பது. "எப்போதாவது" என்று நினைத்து விட்டுவிட முடியாது. கடமையை மீறினால் உதவித்தொகையைத் திரும்பப் பெறவும் அவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு. இரண்டாவது நிபந்தனையைப் பார்த்து நான் பகுதிநேர வேலையை விடவேண்டுமோ என்று பயந்தேன். தேவையில்லை. சம்பளம் திறமைக்கான உதவித்தொகை ஆகாது.

நிபந்தனை வாக்கியத்தைக் கண்டுபிடிக்க, "ஸோஃபெர்ன்", "ஃபோர்பெஹால்ட்லிஷ்" என்ற சொற்களைத் தேடுங்கள். முதலாவது "என்றால் மட்டும்", இரண்டாவது "இதற்கு உட்பட்டு". இவை வந்தால் பணம் இன்னும் உறுதி ஆகவில்லை.

தேதிகளிலும் இரண்டு வகை இருந்தன. ஒன்று 15.09.2023 என்று நாள் போட்டது. நாள் போட்ட தேதி எதிரே நான் இப்போது ஒரு கேள்வி எழுதுவேன்: அனுப்ப வேண்டிய நாளா, சேர வேண்டிய நாளா? "ஐன்காங்" என்ற சொல் எங்காவது இருந்தால் சேர வேண்டிய நாள். "போஸ்ட்ஷ்டெம்பல்" என்று இருந்தால் முத்திரை நாள். இரண்டுமே இல்லாவிட்டால் சேர வேண்டிய நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது நாள் போடாத தேதி. முடிவை எதிர்த்து முறையிட "அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதம்" என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அந்த ஒரு மாதம் நீங்கள் படித்த நாளிலிருந்து ஓடாது. ஜெர்மனிக்குள் அஞ்சலில் போட்ட அரசுக் கடிதம், போட்ட மூன்றாம் நாள் கிடைத்ததாகவே அன்று கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் அது நான்காம் நாள். நான் திருநெல்வேலியில் இருந்தேன் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கையெழுத்துப் பத்தியில் நான்கு தாள் இருக்கும் என்று நினைத்தேன், உண்மையில் மூன்றுதான். ஏற்புப் படிவமும், வேறு உதவித்தொகை இல்லை என்ற உறுதிமொழியும் கட்டாயம், அசலாக. மூன்றாவது, என் பெயரைக் கொடையாளருக்குத் தெரிவிக்கச் சம்மதம். அதில் "ஃப்ரைவில்லிஷ்" என்று இருந்தது, விருப்பம் இருந்தால் மட்டும் என்று பொருள். வங்கிக் கணக்குப் படிவத்தில் கையெழுத்துக் கோடே இல்லை. எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன் நான். அவசரத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், செய்யாதீர்கள்.

என்னைப்போல நாள் நெருக்கத்தில் சிக்கினால் ஒன்று செய்யலாம். அலுவலகம் தானே வைத்த கெடுவை நீட்டிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஜெர்மன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கெடு முடிந்த பிறகுகூட, அப்படியே விடுவது நியாயமற்றது என்று பட்டால், பின்தேதியிட்டு நீட்டிக்கலாம். நான் கேட்டது கெடு முடிந்த பிறகு, இடமும் போன பிறகு. மறுத்துவிட்டார்கள். 8ஆம் தேதி ஸ்கேனோடு சேர்த்து, "நான் இந்தியாவில் இருக்கிறேன், அசல் வந்து சேர பத்து நாள் கூடுதலாகத் தாருங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். அந்த இரண்டு வரியை எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா, "விதிம்மா, விடு" என்கிறார். நான் விடவில்லை. 2024இல் மறுபடி விண்ணப்பித்தேன், மறுபடி கிடைத்தது. அந்த ஆகஸ்டில் நான் ஊருக்கு வரவில்லை. கடிதம் வந்த அன்றே திருப்பிப் பார்த்தேன், மூன்று பத்தி போட்டுப் பிரித்தேன், மறுநாள் காலை படிவங்களை அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். என் நகலில் வந்து சேர்ந்த நாளின் முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் அந்த முத்திரை இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.