கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை வரிசை மாற்றுங்கள்

ஊர்ப் பொங்கல், கபடிப் போட்டி, ஆண்டு விழா என்று எது வந்தாலும் நம் பகுதியிலிருந்து கம்பெனிகளுக்குக் கடிதம் போகும். பலவற்றுக்குப் பதிலே வராது. பெரும்பாலும் குறை கேட்ட தொகையில் இல்லை. கடிதத்தின் வரிசையில் இருக்கிறது.

கோவில் உபயதாரர் புண்ணியத்துக்காகக் கொடுக்கிறார். கம்பெனியின் விற்பனை அதிகாரி கொடுப்பதோ விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணம். அதனால் என்ன வந்தது என்று அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் எழுதக்கூடாது.

ஏழாயிரம்பண்ணையில் இளைஞர்கள் இரண்டு இரவுக் கபடிப் போட்டி நடத்துவதாகவும், வணிகர்கள் அவர்களுக்காக ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதுவதாகவும் வைத்துக்கொள்வோம். வழக்கமான கடிதம் இப்படி இருக்கும்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊர் இளைஞர்கள் பல ஆண்டுகளாகக் கபடிப் போட்டி நடத்தி வருகின்றனர். இவ்வாண்டு மைக் செட், விளக்கு, கோப்பை, வீரர்களின் சாப்பாடு ஆகியவற்றுக்கு ரூ.80,000 தேவைப்படுகிறது. தாங்கள் ரூ.25,000 நன்கொடை வழங்க வேண்டுகிறோம். தங்கள் பெயர் நல்ல முறையில் விளம்பரப்படுத்தப்படும்."

பென்சிலை எடுத்து, கம்பெனிக்குக் கிடைப்பதைச் சொல்லும் வாக்கியத்தின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். கடைசி வாக்கியம் ஒன்றுதான் தேறும். அதிலும் எத்தனை பேர், எங்கே, எத்தனை முறை என்ற கணக்கு இல்லை. அந்த வாக்கியத்தை முதலில் கொண்டுவந்து, எண்ணிப் பார்க்கக்கூடியதாக விரித்து எழுத வேண்டும். செலவுப் பட்டியல் தனித் தாளுக்குப் போகட்டும்.

கூட்டத்தின் அளவை வாய்க்கு வந்தபடி எழுதக்கூடாது. முந்தைய போட்டியில் இரவு எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு ஆடுகளத்தின் ஒரு பக்கத்துத் தலைகளை எண்ணி, நான்கு பக்கத்துக்கும் கணக்கிட்டிருந்தால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும். ஐயாயிரம் என்று எழுதி ஆயிரம் பேர் வந்தால், மறு ஆண்டு அந்தக் கம்பெனியின் கதவு திறக்காது.

எண்ணெய்க் கம்பெனிக்காரர் அடுத்து கேட்பது, "பெண்கள் வருவார்களா?" என்பது. இரவுக் கபடிக்கு வருவோரில் ஆண்களே அதிகம் என்றால் மறைக்க வேண்டாம். ஆடுகளத்தில் குறைவதைக் கடையில் ஈடுகட்டலாம். விழாக் குழுவால் கொடுக்க முடியாத ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் கடையின் முன் தட்டு.

இனி மாற்றி எழுதிய கடிதம்:

"ஐயா, வரும் சனி, ஞாயிறு இரவுகளில் ஏழாயிரம்பண்ணையில் நடக்கும் கபடிப் போட்டியில் தங்கள் எண்ணெய் ஒன்றுக்கு மட்டுமே விளம்பரம் இருக்கும். வேறு எந்தச் சமையல் எண்ணெய்க்கும் இடம் தரமாட்டோம். சென்ற ஆண்டு நாங்கள் எண்ணியபடி இரவுக்குச் சுமார் 1,500 பேர் வந்தனர். பலர் பட்டாசு, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள், ஆண்களே மிகுதி. ஆடுகளத்தைச் சுற்றி நான்கு பேனர்கள், ஒவ்வோர் ஆட்டத்தின் இடைவேளையிலும் ஓர் அறிவிப்பு உண்டு. குடும்பப் பெண்கள் சாமான் வாங்கும் எங்கள் 20 மளிகைக் கடைகளிலும் தங்கள் அரை லிட்டர் பாக்கெட்டை இரண்டு வாரம் முன் தட்டில் வைப்போம். முடிந்ததும் புகைப்படங்களும் கடைவாரி விற்பனைக் கணக்கும் அனுப்புவோம். இதற்கான விளம்பரக் கட்டணம் ரூ.25,000. போட்டியின் செலவு விவரம் தனியே இணைத்துள்ளோம்."

கேட்கும் தொகை மாறவில்லை. ஆனால் அது வருவதற்குள் என்ன கிடைக்கும் என்பதை அவர் படித்து முடித்துவிடுகிறார்.

ஒரு சரக்குக்கு ஒரே விளம்பரதாரர் என்ற உறுதிக்குத் தனி மதிப்பு உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியைப் பீட்டர் யூபெராத் தலைமையிலான குழு நடத்தியபோது இந்த விதியை வைத்தது. புகைப்படச் சுருள் விற்கும் கோடக் கம்பெனி, கேட்ட விலைக்குத் தயங்கியது. ஜப்பானின் ஃபுஜி அந்த இடத்தை வாங்கிக்கொண்டது. விட்டால் போட்டிக்காரர் பிடித்துக்கொள்வார் என்ற நிலைதான் அந்த இடத்துக்கு விலையைத் தந்தது. ஆனால் உறுதி கொடுத்தபின், உள்ளூர்க்காரர் ஆயிற்றே என்று இன்னொரு எண்ணெயின் தட்டியை மூலையில் கட்டினாலும் வாக்கு முறிந்தது முறிந்ததுதான். ஆகவே பந்தல்காரர், மைக் செட்காரர் வரை இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கடிதத்தை அனுப்புமுன் அந்த 20 கடைக்காரர்களிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். பன்னிரண்டு பேர்தான் இசைந்தால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள். பேனருக்கு அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். பணத்தைச் செக்காகவோ வங்கி மூலமோ பெறுவது நல்லது. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைத் தொழில் செலவாக ஏற்பதில்லை. ரசீதில் "நன்கொடை" என்று எழுதாமல், செய்த விளம்பரத்தைக் குறிப்பிட்டு "விளம்பரக் கட்டணம்" என்றே எழுதுங்கள். அதற்கு ஜி.எஸ்.டி. உண்டா என்பதை முன்னதாகக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.