எங்கிருந்து வந்தது? காதல் பாட்டில் புன்னகை, முறுவல், சிரிப்பு

கேள்வி: சினிமாக் காதல் பாடல்களில் நாயகி ஒரு பாட்டில் புன்னகைக்கிறாள், இன்னொன்றில் சிரிக்கிறாள், வேறொன்றில் முறுவல் பூக்கிறாள். எல்லாம் ஒரே செயல்தானே? இத்தனை சொற்கள் எப்படி வந்தன? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஒரே செயல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் முகத்தில் வெவ்வேறு ஒன்றைக் கவனித்துப் பிறந்திருக்கிறது.

இவற்றில் மிகப் பழையது நகை. அதன் வேர் 'நகு'. நகுதல் என்றால் சிரித்தல்; ஒளிர்தல் என்றும் பொருள் உண்டு. சிரிக்கும் முகத்தில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து அமைந்த சொல் இது. அதனால்தான் பல்லுக்கும் நகை என்று பெயர் வந்தது, கழுத்தில் மின்னும் அணிக்கும் நகை என்று பெயர் வந்தது. கன்னடத்தில் இன்றும் சிரிப்பு 'நகு'தான். தெலுங்கில் அது 'நவ்வு'.

புன்னகை என்பது புன்மையும் நகையும் சேர்ந்தது. புன்மைக்கு இழிவு என்ற பொருளும் உண்டு. இங்கே அது சிறுமையை, அதாவது அளவில் சிறியதை மட்டும் குறிக்கும். சிறிய நகை, ஓசை இல்லாத நகை. உதடு விரியத் தொடங்கி, பல் தெரியுமுன் நின்றுவிடும் நிலை அது.

முறுவல் அதற்கு அடுத்த படி. இந்தச் சொல்லுக்குப் பல் என்றும் பொருள், சிரிப்பு என்றும் பொருள். திருக்குறள் 1113-இல் காதலியின் முறுவலை முத்து என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அங்கே முறுவலுக்குப் பல் என்றே பொருள் கொள்கிறார். ஆகவே முறுவல் என்று சொன்னால் பல்வரிசை கொஞ்சம் எட்டிப் பார்த்தாக வேண்டும். மூரல் என்ற சொல்லும் இதே வகைதான். பல், சிரிப்பு, சோறு என மூன்று பொருளும் அதற்கு உண்டு.

சிரிப்பு காதுக்கான சொல். வாய் திறந்து, மூச்சு வெளிவந்து, ஓசை எழுவது வரை அது போகும். மலையாளத்தில் சிரிப்புக்கு இதே 'சிரி'தான்; நம் புன்னகையை அவர்கள் 'புஞ்சிரி' என்கிறார்கள். நம் பேச்சுத் தமிழிலும் கதை அதுவே. "என்னைப் பாத்து லேசா சிரிச்சா" என்றுதான் சொல்கிறோம். "புன்னகைத்தாள்" என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒலி இல்லாததைச் சொல்ல, சிரிப்புக்கு முன்னால் 'லேசா' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொள்கிறோம். வள்ளுவரும் குறிப்பறிதல் அதிகாரத்தில் இப்படித்தான் செய்தார். அவன் பார்க்காதபோது அவள் பார்த்து, தனக்குள் மகிழும் அந்த நகையைச் சொல்ல 1094-ஆம் குறளில் 'மெல்ல' என்ற அடையையும், அவன் பார்க்கும்போது அவள் கனிந்து நகுவதைச் சொல்ல 1098-இல் 'பைய' என்ற அடையையும் நகுதலுக்கு முன் வைத்தார்.

---

கேள்வி: பாடலாசிரியர் இந்த வேறுபாட்டை எல்லாம் நினைத்தா எழுதுகிறார்? மெட்டுக்குள் எது அடங்குகிறதோ அதைப் போட்டுவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். (வாசகர், ஈரோடு)

பதில்: மெட்டும் பொருளும் ஒரே சொல்லில் சந்திக்கும்போதுதான் பாட்டு நிற்கிறது. ஒரு பாட்டை எடுத்துப் பார்ப்போம்.

1961-இல் வெளிவந்த 'தாய் சொல்லைத் தட்டாதே' படத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ஒரு காதல் பாட்டு. எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன், பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். 'சிரித்து' என்ற சொல்லை இரட்டித்துத் தொடங்கும் அந்தப் பல்லவி பலருக்கும் மனப்பாடம். சிரிப்பாலேயே அவனைச் சிறைப்பிடித்துவிட்டாள் என்பது கருத்து.

அந்த இடத்தில் புன்னகையை வைத்துப் பாருங்கள். முதலில் சந்தம் தட்டும். 'சிரித்து' தத்தகாரத்தில் 'தனத்த'. இரட்டித்தால் 'தனத்த தனத்த' என்று லேசாகத் துள்ளும். 'புன்னகைத்து' என்பது 'தந்தனத்த'. அதை இரட்டித்தால் அளவு நீளும், நடை கனத்துவிடும்.

அடுத்தது ஓசை. சிரிப்புக்கும் சிறைக்கும் முதலெழுத்து ஒன்று. அந்த மோனையால், காரணமும் விளைவும் ஒரே ஒலியில் பிணைந்துவிடுகின்றன. புன்னகைக்கும் சிறைக்கும் அந்த உறவு இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சிரிப்பு அலை அலையாக வருவது. ஒருமுறை சிரித்து, அடக்கி, மீண்டும் சிரிக்கலாம். அதனால் 'சிரித்துச் சிரித்து' என்று இரட்டிப்பது இயல்பு. பேச்சிலும் "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது" என்கிறோம். புன்னகை முகத்தில் தங்கி நிற்கும் ஒரு நிலை. தங்கி நிற்பதை இரட்டிக்க முடியாது. ஒருவனை ஒரே பார்வையில் மயக்க வேண்டுமானால் புன்னகை போதும். திரும்பத் திரும்ப வந்து அவனை அடைத்துப் போட வேண்டுமானால் சிரிப்பு வேண்டும். கண்ணதாசனின் தேர்வு மெட்டுக்கும் பொருந்துகிறது, நடந்ததற்கும் பொருந்துகிறது.

---

கேள்வி: நகைதான் மூத்த சொல் என்றால், காதல் பாட்டில் "அவள் நகைத்தாள்" என்று ஏன் கேட்க முடிவதில்லை? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இன்றைய தமிழில் 'நகைத்தாள்' என்றால் கேலி செய்தாள் என்ற எண்ணம் வந்துவிடும். நகையாடுதல், எள்ளி நகைத்தல், நகைப்புக்கு இடமாதல் என்று இந்த வினை புழங்கும் தொடர்களில் பெரும்பாலானவை ஏளனத்தைச் சுற்றியே இருக்கின்றன.

இதற்கு விதை பழைய காலத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. நான்கில் முதலில் நிற்பது எள்ளல். காதலில் விளையும் மகிழ்ச்சிக்கு உவகை என்று தனி மெய்ப்பாடே உண்டு. புணர்வும் விளையாட்டும் அதன் நிலைக்களன்களில் சேர்ந்தவை.

வினையில் புகுந்த ஏளனம் பெயர்ச்சொற்களில் புகவில்லை என்பது நமக்கு நல்லதாயிற்று. இளநகை, குறுநகை, முகிழ்நகை ஆகியவை இன்றும் மென்மையான சொற்கள். முகிழ் என்றால் அரும்பு; கன்னடத்திலும் புன்னகைக்கு 'முகுள்நகெ' என்றே பெயர். இளநகை, குறுநகை இரண்டும் சந்தத்தில் 'தனதனை' என்று நான்கு குறுகிய தட்டாக விழும். அதனால் வேகமான மெட்டில் புன்னகை இடிக்கும் இடத்தில் இவை சுலபமாக உட்காரும்.

நகையின் இன்னொரு பொருளான அணிகலனும் பாடலாசிரியருக்கு உதவுகிறது. பொன்னகைக்கும் புன்னகைக்கும் நடுவில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. தங்கம் வாங்கித் தர முடியாத காதலனுக்கு இந்தச் சிலேடை காலங்காலமாகக் கைகொடுத்திருக்கிறது. கே.ஆர். விஜயாவைப் 'புன்னகை அரசி' என்று மக்கள் கொண்டாடியபோதும், ஓசையில்லாமல் முகம் முழுக்க ஒளிரும் அந்தப் பழைய பொருள்தான் அந்தப் பட்டத்தில் இருந்தது.

---

கேள்வி: கிராமத்துக் காதல் பாட்டு ஒன்று எழுதிப் பார்க்கிறேன். 'புன்னகை' என்று போட்டதும் நண்பர்கள் ஒட்டவில்லை என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. புன்னகை எழுத்து வழக்கின் சொல். "மச்சான்", "புள்ள" என்று கூப்பிடும் பாட்டில் அது வந்தால், பாடுகிறவரின் ஊர் மாறிவிடும். அங்கே சிரிப்பை வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடை சேருங்கள். வெட்கச் சிரிப்பு, கள்ளச் சிரிப்பு, குறும்புச் சிரிப்பு, கன்னக்குழிச் சிரிப்பு என்று பேச்சுத் தமிழ் சுருக்கமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வெட்கச் சிரிப்பில் தலை குனியும். கள்ளச் சிரிப்பில் கண்ணும் சேர்ந்துகொள்ளும். கன்னக்குழிச் சிரிப்பில் கேட்கிறவர் கன்னத்தையே பார்ப்பார்.

ஓசை வேண்டுமானால் ஒலிக்குறிப்புகள் இருக்கின்றன. 'கலகல' தடையில்லாத சிரிப்பு. 'களுக்' அடக்கியும் மீறி வெளிவந்த ஒற்றைச் சிரிப்பு. 'குபீர்' எதிர்பாராமல் வெடிப்பது. இவற்றில் காதல் பாட்டுக்கு மிகவும் உதவுவது 'கலகல'. வளையல் ஓசைக்கும் அதே சொல் என்பதால், அந்த வரி முடிந்ததும் இசையமைப்பாளர் வளையலோ மணியோ ஒலிக்க வைத்து அவள் சிரிப்பைத் தொடரலாம். 'குபீர்' நகைச்சுவைக் காட்சிக்கு உரியது. 'இளிப்பு' பக்கம் போகாதீர்கள். சண்டை போட்டுக் கொஞ்சும் பாட்டில் அவள் அவனைச் சீண்டும்போது மட்டும் அது பொருந்தும்.

உவமையிலும் கவனம் வேண்டும். முத்தும் முல்லை அரும்பும் பல்லுக்கு உவமைகள். ஆகவே சிரிப்போடும் முறுவலோடும் அவை இயல்பாகச் சேரும். புன்னகையில் பல் மறைந்திருப்பதால் அதோடு முத்து நன்றாக ஒட்டுவதில்லை. மொட்டு, நிலா, வெளிச்சம் போன்றவை ஒட்டும். வள்ளுவர் 1274-இல், மொட்டுக்குள் மணம் இருப்பதுபோல அவள் நகையின் அரும்புக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது என்று சொன்னதும், மூடிய உதட்டை நினைத்துத்தான் என்று படுகிறது.

எழுதி முடித்ததும் மூன்றைச் சரிபாருங்கள். அந்த இடத்தில் அவள் பல் தெரிகிறதா? ஓசை கேட்கிறதா? பாடுகிறவர் தன் வீட்டில் அந்தச் சொல்லைப் பேசுவாரா? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு மெட்டைப் போட்டுப் பாடிப் பாருங்கள். சொல் பொருந்தி மெட்டு இடித்தால், சொல்லை விட்டுவிடாமல் அதன் முன்னால் இருக்கும் அடையை மாற்றுங்கள்.