பழைய எச்.எம்.டி. வாட்ச்: முதலில் டயலைப் பாருங்கள்

பெண்ணாடத்தில் இருந்துகொண்டு பழைய சாவி வாட்ச் வாங்க இரண்டு வழிகள் உண்டு. தெரிந்தவர் வீட்டு பீரோவில் கிடப்பதைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் வெளியூர் வியாபாரியிடம் படம் பார்த்துக் கூரியரில் வரவழைக்கலாம். எப்படி வாங்கினாலும் பெரும்பாலும் கைக்கு வருவது எச்.எம்.டி.தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் ஒரு வாட்சுக்குப் பழுது வந்தால் இன்னொரு செத்த வாட்சிலிருந்துதான் பாகம் எடுத்துப் போடுகிறார்கள். நாலு வாட்சின் உறுப்புகளைக் கோத்து ஒன்றாக்கி, புதுப் பெயிண்ட் அடித்து விற்பதும் இதனால்தான் பெருகியது.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ‘எச்.எம்.டி. பைலட், கறுப்பு டயல், ஃபுல் சர்வீஸ், புதுசு போல’ என்று போட்டிருக்கிறது. இதில் முதலில் பார்க்கவேண்டியது டயல். இயந்திரம் கெட்டால் சரிசெய்யலாம். அசல் டயலை அழித்து மறுபடி அச்சடித்துவிட்டால் அது திரும்பவே வராது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா? நிமிடக் கோடுகள் சமமான இடைவெளியில் இல்லையா? ஆறுமணிக்குக் கீழே இருக்கும் சிறு எழுத்துகள் கோணலா? இதில் ஒன்று இருந்தாலும் மறு அச்சு என்று சந்தேகப்படலாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆரஞ்சு நிற பைலட்களை நான் தொடவே மாட்டேன். ஐம்பது வயது வாட்சின் டயலில் லேசான கறை இருந்தால் அதுவே நல்ல அறிகுறி.

அடுத்து, பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கவேண்டும். வாட்ச் அவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பைலட்டிலும் ஜனதாவிலும் பெரும்பாலும் இருப்பது 0231 என்னும் 17 ஜுவல் இயந்திரம். டயலில் 17 என்று இருந்து உள்ளே வேறு எண் இருந்தால் கலப்பு. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பழகாத கை திறந்திருக்கிறது. துரு தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

‘சர்வீஸ் ஆச்சு’ என்ற சொல்லுக்கு மட்டும் விலை கொடுக்காதீர்கள். யார் செய்தது, எப்போது, கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டார்களா, எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழைய ரிப்பேர்காரர்கள் பலர் பின்மூடியின் உட்புறத்தில் தேதியையோ குறியையோ பொடியாகக் கீறி வைப்பது வழக்கம். அது இருந்தால் சொல்வதோடு ஒப்பிடலாம். சரியான பதில் வராவிட்டால் சர்வீஸ் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.

காகிதம் என்று பார்த்தால், இந்த வாட்சுகளுக்குப் பெட்டியும் உத்தரவாத அட்டையும் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அட்டையில் உள்ள எண்ணும் பின்மூடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பொருந்தாத அட்டை வெறும் அலங்காரம். அட்டை இல்லாவிட்டாலும் விற்பவரிடம் ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். அதில் அவர் பெயர், முகவரி, பின்மூடி எண், விலை, தேதி, கையெழுத்து வேண்டும். திருட்டுப் பொருள் என்று நாளை போலீஸ் கேட்டால் உங்களைக் காப்பது இதுதான். தெரிந்த வீட்டிலானாலும் தயங்காமல் கேளுங்கள்.

வெளியூர் ஆளிடம் பணம் அனுப்புமுன் யு.பி.ஐ.யில் காட்டும் பெயரும் அவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ‘இப்பவே முன்பணம் போடுங்க, இன்னொருத்தர் கேக்குறார்’ என்று அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிடுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூரியர் பொட்டலத்தைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யவேண்டும்.

வாட்ச் வந்ததும் சாவி கொடுங்கள். நிதானமாகத் திருகிக்கொண்டே போனால் கடைசியில் அழுத்தமாக நிற்கவேண்டும். நிற்காமல் நழுவினால் ஸ்பிரிங்கோ சாவி அமைப்போ பழுது. சாவியை வெளியே இழுத்து முள்ளைத் திருப்பினால் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று உரசாமல் சுற்றவேண்டும். செல்போன் நேரத்தோடு வைத்து, பகலில் கட்டி, இரவில் படுக்க வைத்து 24 மணி நேரம் பாருங்கள். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் போனால் இந்த வயதுக்குக் குறையில்லை. பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம், ரிப்பேர் கடையில் சில நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். அடிக்கடி நின்றால் உள்ளே அழுக்கு, எண்ணெய் காய்ந்திருக்கிறது, இல்லை பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருக்கிறது. அச்சு என்றால் திருப்பி அனுப்புவதே நல்லது.

எல்லாம் சரியென்றாலும் சர்வீஸ் சந்தேகமாக இருந்தால், தினமும் கட்டுவதற்கு முன் விருத்தாசலத்திலோ கடலூரிலோ சாவி வாட்சில் கைதேர்ந்த ஒருவரிடம் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். அதன் பிறகும் குளிக்கும்போதும் கை கழுவும்போதும் கழற்றி வையுங்கள்.