உடைந்தது ஐந்து கட்டம், குற்றவாளி ஒன்றுதான்

போன விடுமுறைக்கு முன்னால் எங்கள் ஊர் இளைஞர் பிரிவின் முகாம் கணக்கில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். எக்செல் கோப்பில் திடீரென்று பல கட்டங்களில் `#REF!` என்று வந்தால், ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எந்தக் கட்டத்தில் கோளாறு தொடங்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி? இதுதான் இன்றைய பாடம்.

இரவு பத்து மணிக்கு எங்கள் பொருளாளர் தங்கச்சியிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். கோப்பு அங்கே மண்டபத்துக் கணினியில் இருந்தது. "அண்ணே, கணக்கு எல்லாமே ஒடைஞ்சு போச்சு. நாளைக்குக் காலையில கமிட்டி மீட்டிங். மீதப் பணம் எவ்வளவுன்னு கேப்பாங்க. ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி வாங்கணும்னு வேற பேசிக்கிட்டு இருக்காங்க" என்று எழுதியிருந்தார். படத்தில் இருந்தது இதுதான்:

```
     A                    B       C     D
2    மொத்த வரவு           4480
3    மொத்தச் செலவு        #REF!
4    மீதம்                #REF!
5    ஒருவருக்குச் செலவு   #REF!
7    பங்கேற்பாளர்         64
9    பொருள்               எண்     விலை  தொகை
10   சாப்பாடு             64      22    1408
11   பேருந்து             2       650   1300
12   டி-சட்டை             64      14    #REF!
13   தங்குமிடம்           1       600   600
14   எழுதுபொருள்          64      3     192
16   முன்பணம் (பாதி)                    #REF!
```

நான் செய்த முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே முதலில் தெரிந்த உடைந்த கட்டம் B3. "B3-இல் இருக்கும் ஃபார்முலாவை அழிச்சிட்டு மறுபடியும் டைப் பண்ணும்மா" என்றேன். பண்ணினார். மறுபடியும் `#REF!` வந்தது. பத்து நிமிடம் வீணாகியது. நாம் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே வாசிப்போம். எக்செல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தை நம்பியிருக்கிறதோ, அந்த வரிசையில்தான் அது கணக்குப் போடும். நிறைய பேர் மொத்தத்தை மேலேயும் விவரத்தைக் கீழேயும் வைப்பதால், கோளாறின் மூலம் பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

பிழை ஒரே திசையில்தான் போகும்

தேங்காய்ப்பால் கெட்டிருந்தால் குழம்பு கெடும். குழம்பு கெட்டதால் தேங்காய்ப்பால் கெடாது. `#REF!` பிழையும் அப்படித்தான். D12 உடைந்தால், D12-ஐக் கூட்டும் B3 உடையும். B3-ஐப் பயன்படுத்தும் B4, B5, D16 மூன்றும் உடையும். ஆனால் B3 உடைந்ததால் D12 உடையவே முடியாது, ஏனென்றால் D12 அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஆகவே படத்தில் `#REF!` இருக்கும் கட்டங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பிழையை உண்டாக்கிய கட்டம். மற்றவை, அதை வாங்கிக்கொண்ட கட்டங்கள். வாங்கிக்கொண்டவற்றை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. மூலத்தைச் சரிசெய்தால் அவை தானாகவே சரியாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டை எப்படி வாசிப்பது?

முதலில் நல்ல கட்டங்களைப் பாருங்கள். B2-இல் 4480 சரியாக வந்திருக்கிறது. 64 பேர், ஆளுக்கு 70 ரிங்கிட். ஆக B7-இல் சிக்கல் இல்லை. D10, D11, D13, D14 நான்கும் நன்றாக இருக்கின்றன. ஒரு கட்டத்தில் சரியான விடை வந்தால், அது நம்பியிருக்கும் கட்டங்களும் பொதுவாக நல்லவையே. சந்தேகப் பட்டியல் இப்போதே சுருங்கிவிட்டது.

அடுத்து, உடைந்த ஒவ்வொரு கட்டத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நீ யாரை நம்பியிருக்கிறாய், அவர்களில் யாராவது உடைந்திருக்கிறார்களா?" ஃபார்முலா தெரியாவிட்டாலும் பெயரைப் பார்த்து ஊகிக்கலாம். மீதம் என்றால் வரவிலிருந்து செலவைக் கழிப்பது. செலவு (B3) உடைந்திருக்கிறது, ஆகவே B4 வாங்கிக்கொண்ட கட்டம். ஒருவருக்குச் செலவு என்பது செலவை ஆள் எண்ணிக்கையால் வகுப்பது. அதுவும் B3-இடமிருந்து வாங்கியதே. முன்பணம் செலவில் பாதி, அதுவும் அப்படியே. செலவு என்பது D10 முதல் D14 வரை கூட்டியது. அதில் D12 உடைந்திருக்கிறது. ஆக B3-உம் வாங்கிக்கொண்ட கட்டம்தான்.

கடைசியாக D12. டி-சட்டைத் தொகை என்றால் எண்ணிக்கையை விலையால் பெருக்க வேண்டும். B12-இல் 64 இருக்கிறது. C12-இல் 14 இருக்கிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியும் நல்ல எண்கள். நம்பியிருப்பவர்கள் எல்லாரும் நலமாக இருந்தும் தான் மட்டும் உடைந்திருக்கும் கட்டம் எதுவோ, அதுவே மூலம். அதன் ஃபார்முலாவுக்குள்தான் ஏதோ நடந்திருக்கிறது.

இன்னொரு தடயமும் அந்தப் படத்திலேயே இருந்தது. நான்தான் முதலில் கவனிக்கவில்லை. படம் எடுக்கும்போது அவர் B3-ஐச் சொடுக்கி வைத்திருந்தார். மேலே ஃபார்முலா பட்டையில் இப்படித் தெரிந்தது:

```
=SUM(D10:D14)
```

இந்த எழுத்துக்குள் `#REF!` இல்லை. விடையில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் B3 குற்றவாளி இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது. ஃபார்முலாவின் எழுத்துக்குள்ளேயே `#REF!` இருக்கும் கட்டம்தான் நாம் தேடுவது.

ஊகத்தை உறுதிப்படுத்துவது

"D12-ஐ ஒரு தடவை கிளிக் பண்ணு, ஃபார்முலா பட்டையைப் படம் எடுத்து அனுப்பும்மா" என்றேன். வந்தது:

```
=B12*C12+#REF!
```

மூலம் கிடைத்துவிட்டது. உங்கள் கோப்பு பெரியது, கண்ணால் தேட முடியாது என்றால் இரண்டு வழிகள் உண்டு. Ctrl விசையுடன் Esc-க்குக் கீழே இருக்கும் ` விசையைச் சேர்த்து அழுத்தினால், எல்லாக் கட்டங்களிலும் விடைக்குப் பதிலாக ஃபார்முலா தெரியும். அதை ஒரு படம் எடுத்தால் போதும். மறுபடியும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். இன்னொரு வழி, Ctrl+F அழுத்தி `#REF!` என்று தேடுவது. அங்கே Options-ஐத் திறந்து, Look in என்ற இடத்தில் Formulas என்று வையுங்கள். Values என்று வைத்தால் ஐந்து கட்டங்களையும் காட்டும். Formulas என்று வைத்தால் எழுத்துக்குள் `#REF!` உள்ள D12-ஐ மட்டும் காட்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. சில நேரம் ஃபார்முலா எழுத்து சுத்தமாக இருந்தும் அது பிழையின் மூலமாக இருக்கும். உதாரணமாக, இரண்டே பத்தி உள்ள அட்டவணையில் மூன்றாவது பத்தியைக் கேட்டால் `#REF!` வரும்:

```
=VLOOKUP(A12,A20:B25,3,FALSE)
```

இங்கே தேடல் உதவாது. ஆனால் "நம்பியிருப்பவர்கள் நலம், தான் மட்டும் உடைவு" என்ற கேள்வி அப்போதும் உதவும். அதேபோல் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத பக்கம் அல்லது மறைத்து வைத்த வரிசையில் மூலம் இருக்கலாம். இடப்பக்கம் வரிசை எண்கள் 14-இலிருந்து 19-க்குத் தாவினால், நடுவில் எதுவோ மறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூலத்தைக் கண்டாலும் வேலை முடியவில்லை

D12 ஏன் உடைந்தது? ஒரு ஃபார்முலா நம்பியிருக்கும் வரிசையையோ பத்தியையோ முழுதாக நீக்கினால், எக்செல் அந்த முகவரியை அழித்து அதன் இடத்தில் `#REF!` என்று எழுதிவிடும். பழைய முகவரி என்ன என்று அது எங்கேயும் குறித்து வைக்காது. உடனே Ctrl+Z அழுத்தினால் திரும்பி வரும். தங்கச்சியோ கோப்பைச் சேமித்து மூடிவிட்டுத் திரும்பத் திறந்திருந்தார்.

இங்கேதான் ஒரு பெரிய சபலம் வரும். `+#REF!` என்பதை மட்டும் அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறதே! பண்ணிப் பார்த்தோம். டி-சட்டை 896, மொத்தச் செலவு 4396, மீதம் 84 ரிங்கிட். பார்க்க அழகாக இருந்தது. "அப்ப பெட்டி வாங்கிடலாம்ணே" என்றார். இன்னொரு நண்பர் IFERROR போட்டு மறைக்கச் சொன்னார்:

```
=IFERROR(B12*C12+#REF!,0)
```

இப்படிச் செய்தால் டி-சட்டைக்கே செலவு இல்லை என்று ஆகி, மீதம் 980 ரிங்கிட் என்று காட்டும். பிழை போய்விடும், பொய் வந்துவிடும்.

நான் கேட்டேன்: "இன்னைக்கு ஏதாவது வரிசையை நீக்கினியாம்மா?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "கீழே 18-ஆவது வரிசையில தனியா ஏதோ ஒரு எண் கிடந்துச்சுண்ணே. பழைய குறிப்புன்னு நெனச்சி தூக்கிட்டேன்" என்றார். டி-சட்டைக் கடையின் விலைப்பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அச்சுத் தயாரிப்புக் கட்டணம் 80 ரிங்கிட் என்று இருந்தது. A18-இல் அந்தப் பெயரையும் D18-இல் 80 என்றும் எழுதி, D12-ஐ இப்படி மாற்றினோம்:

```
=B12*C12+D18
```

டி-சட்டை 976. மொத்தச் செலவு 4476. உண்மையான மீதம் 4 ரிங்கிட். B3, B4, B5, D16 நான்கையும் நாங்கள் தொடவே இல்லை, அவை தானாகவே சரியாகின. மறுநாள் கூட்டத்தில் பெட்டிக்குத் தனியாக நன்கொடை கேட்பது என்று முடிவானது. 84 என்று சொல்லியிருந்தால், அச்சுக் கடை பில் வரும்போது பொருளாளர்தான் எல்லார் முன்னாலும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தங்கச்சி வரிசையை நீக்காமல், அந்த எண்ணை மட்டும் Delete விசையால் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெற்றுக் கட்டத்தை எக்செல் சுழியமாக எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழையும் வராது. மீதம் 84 என்று அமைதியாகக் காட்டியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. SUM-க்கு நடுவில் இருக்கும் ஒரு வரிசையை முழுதாக நீக்கினாலும் இதே கதைதான். அது சத்தமில்லாமல் சுருங்கிக்கொள்ளும். இப்போது `#REF!` வந்தால் நான் பதறுவதில்லை. ஏதோ ஒன்று காணாமல் போய்விட்டது என்று அது நேர்மையாகச் சொல்கிறது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.