சீண்டலைச் சொல்லவா, எழுதவா?

"இன்னைக்கு லேட்டா வந்தா கதவு திறக்க மாட்டேன்." ஸ்ரீரங்கத்திலிருந்து மனைவி தட்டச்சு செய்து அனுப்பினால், திருவெறும்பூரில் வேலையிலிருக்கும் கணவர் கோபம் என்றே நினைப்பார். இதையே குரலில் சொன்னால், 'மாட்டேன்' இழுபடும்போது சிரிப்பு தெரிந்துவிடும். ஆகவே சீண்டல், பொய்க்கோபம், செல்லப்பெயர் எல்லாம் குரலுக்கு. பத்து விநாடி போதும். நீண்டால் வேகத்தைக் கூட்டிக் கேட்பார்கள், கொஞ்சலும் கிரிக்கெட் வர்ணனை ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும். நிறுத்திக் கேட்டுப் பார்த்து அனுப்பலாம். வாசித்தது போல் ஒலித்தால் அழித்துவிடுங்கள். அங்கேயே உள்ள '1' குறியைத் தொட்டால் ஒருமுறைதான் கேட்க முடியும். மாமியார் கையில் போன் போகும் வீடுகளுக்கு உகந்தது.

ஆனால் அவர் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் எழுத்தே மேல். ஹாரன் சத்தத்தில் கிசுகிசுப்பு கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்திலிருப்பவரும் ரசிப்பார். எழுதும்போது முற்றுப்புள்ளி வேண்டாம், அது முறைப்பாகத் தெரியும். "நீ சொன்ன நீலப் புடவைதான் கட்டியிருக்கேன்" போன்ற வரிகளை எழுத்திலேயே விடுங்கள்; அதை அவர் திரும்பத் திரும்பப் படிப்பார்.